உங்கள் பயிற்சி ஓட்டக் காணொளியைப் பார்த்தபின்

அன்புள்ள அம்மணிக்கு,

ஞாயிறு காலை பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வரை நீங்கள் கார் ஓட்டிச் சென்று திரும்பியபோது எடுத்த காணொளியை இருமுறை பார்த்தேன். பின்னிருக்கையில் இருந்த உங்கள் தம்பி, உள் கண்ணாடியில் உங்கள் கண்கள் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்திருந்ததால், நீங்கள் எப்போது எங்கே பார்க்கிறீர்கள் என்பது வகுப்பில் எனக்குத் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கண்ணாடி பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. பார்க்கும் நேரம்தான் பிந்துகிறது. காணொளியின் 4:10-இல் தேங்காய் ஏற்றிய டிராக்டரை முந்தும்போது, இண்டிகேட்டர் போட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பி, கார் பாதி வலப்புறம் போன பிறகே வலக் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் பின்னால் பேருந்து வராதது நம் நல்வாய்ப்பு. உள் கண்ணாடி, வலக் கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங் என்ற வரிசை மாறக்கூடாது.

முந்திய பிறகு நீங்கள் இடப்புறத் தடத்துக்குத் திரும்பவில்லை. இடப்பக்கம் வரும் இருசக்கர வாகனங்களுக்கு அஞ்சி, நடுத்திட்டை ஒட்டியே ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓட்டுகிறீர்கள். முந்திய வண்டி முழுவதும் உள் கண்ணாடியில் தெரிந்ததும், இடக் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

நான் அதிகம் யோசித்தது 14:30-ஐப் பற்றித்தான். ஊர்ச்சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் இடப்புறம் ஏறும் அந்த இடத்தில் மூன்று நல்ல இடைவெளிகளை விட்டுவிட்டீர்கள். அவற்றில் ஒன்று, நேரம் பார்த்து எண்ணினேன், 11 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அப்போது 180 மீட்டருக்கு அப்பால் இருந்திருக்கும். இதைப் பயம் என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள் என்பதால் எழுதுகிறேன்: காணொளியில் எனக்குத் தெரிவது பயமன்று, பிந்திய ஆயத்தம். மூன்றாம் கியரிலேயே சாலை முனைவரை வந்து, நின்ற பிறகு வலப்புறம் பார்க்கத் தொடங்கி, இடைவெளி வந்ததும் இரண்டாம் கியரில் கிளட்சை விடுவதால் வண்டி ஆஃப் ஆகிறது. ஒருமுறை அப்படி ஆனதும் அடுத்த இரண்டு இடைவெளிகளிலும் உங்கள் கால் துணியவில்லை. முனைக்கு முப்பது மீட்டர் முன்னரே உள் கண்ணாடியைப் பார்த்து, வேகம் குறைத்து, வலப்புறம் பார்த்தபடி வாருங்கள். நின்றுவிட்டால் உடனே முதல் கியர். எதிர்த்திசையில் வரும் மொபெட்டுகளுக்காக இடப்புறமும் ஒரு பார்வை வேண்டும். அதை நான் சொல்லாமலே நீங்கள் செய்திருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அதே முனையில் பத்து முறை ஏறிப் பழகுவோம். தம்பியையும் அழைத்து வாருங்கள். அதே இடத்தில் அமர்ந்து படம் எடுக்கட்டும்.

உங்கள் பயிற்றுநர்