இன்வாய்ஸ் எண் 118: நிலுவைத் தொகைக்கான நினைவூட்டல் மின்னஞ்சல்கள்

ஜூலை 6
பொருள்: இன்வாய்ஸ் 118, ஒரு சின்ன நினைவூட்டல்

வணக்கம் மேடம்,

புதிய கேட்லாக் அச்சுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. அதன் வடிவமைப்புக்கு ஜூன் 3 அன்று அனுப்பிய இன்வாய்ஸ் 118-க்கான கெடு ஜூலை 3-ஆம் தேதியோடு முடிந்தது. முன்பணம் போக மீதிப் பாதித் தொகை இன்னும் வரவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கலாம். தேட வேண்டாமே என்று இன்வாய்ஸை மறுபடி இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இந்த மெயிலை விட்டுவிடுங்கள்.

நன்றி.

ஜூலை 15
பொருள்: இன்வாய்ஸ் 118, பணம் வரும் தேதி தேவை

வணக்கம் மேடம்,

சென்ற மெயிலுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறேன். இன்வாய்ஸில் ஏதாவது திருத்த வேண்டுமா? பர்ச்சேஸ் ஆர்டர் எண், வங்கி விவரம் என எது விடுபட்டிருந்தாலும் சொல்லுங்கள், அன்றே சரிசெய்து தருகிறேன். எல்லாம் சரியாக இருந்தால், எந்தத் தேதியில் பணம் வரும் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள். அக்கவுண்ட்ஸில் யாரிடம் நேரடியாகப் பேசலாம் என்று சொன்னால், உங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

ஜூலை 27
பொருள்: இன்வாய்ஸ் 118, கெடு தாண்டி 24 நாட்கள்

வணக்கம் மேடம்,

17-ஆம் தேதி போனில் பேசியபோது, "அப்ரூவல் ஆகிவிட்டது, அடுத்த வாரம் போட்டுவிடுவோம்" என்றீர்கள். அந்த வாரமும் முடிந்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வரத் தாமதமாகிறது என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அந்தச் சிரமம் புரிகிறது. ஆனால் நம் ஒப்பந்தத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. வேலையை நான் சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

முழுத் தொகையும் ஒரே தடவையில் முடியாதென்றால், பாதியை ஜூலை 31-க்குள்ளும் மீதியை ஆகஸ்ட் 10-க்குள்ளும் அனுப்புங்கள். இதற்குச் சம்மதமா என்று இந்த மெயிலுக்கே பதிலாக எழுதிவிடுங்கள். போனில் பேசியது இரண்டு பக்கமும் மறந்துபோகிறது.

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7
பொருள்: இன்வாய்ஸ் 118, இறுதி அறிவிப்பு

வணக்கம் மேடம்,

தவணை யோசனைக்குப் பதிலும் இல்லை, பணமும் வரவில்லை. ஆகவே உங்களுக்காக இப்போது செய்துவரும் இணையதள பேனர் வேலையை இன்று முதல் நிறுத்திவைக்கிறேன். முடிந்த மூன்று பேனர்களின் மூல ஃபைல்களும் என்னிடமே இருக்கும்.

ஆகஸ்ட் 14-க்குள் முழு நிலுவையும் வந்துவிட்டால் தாமதக் கட்டணம் கேட்கமாட்டேன். அதைத் தாண்டினால், ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவின்படி ஜூலை 4 முதல் மாதம் 1.5 சதவீதம் சேர்த்துத் திருத்திய இன்வாய்ஸ் வரும். அடுத்த கடிதம் என் வழக்கறிஞரிடமிருந்து வரும். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

பணம் வந்த அன்றே பேனர் ஃபைல்களை அனுப்பிவிட்டு, மறுநாள் மீதி வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.