செப்டம்பர் 2025 அப்டேட்: குரூப்ல போட்டதும் மாசக் கடைசி கணக்கும்

வணக்கம் சார், மேடம்,

தையல் யூனிட்டுங்களுக்கான நம்ம ஆப் பத்தி இந்த மாசம் வாட்ஸப் குரூப்ல நான் சந்தோஷத்துல போட்ட மெசேஜ் நிறைய, அதுல சிலது இப்ப கணக்கோட வச்சு பாக்கும்போது அப்படியே நிக்கல, அதனால அத முதல்ல சரி பண்ணிடுறேன்.

"பெரிய எக்ஸ்போர்ட்டர் நம்மகிட்ட வந்துட்டாங்க"ன்னு 5-ம் தேதி போட்டேன். வந்தது நிஜம், ஆனா 60 நாள் ட்ரயல்தான், பணம் கிடையாது, பிஓ இன்னும் வரல. கஸ்டமர் கணக்குல அவங்கள சேக்கல. "ஒரே நாள்ல 300 பேர் ஆப் யூஸ் பண்றாங்க"ன்னு சொன்னது அவங்க யூனிட்ல ட்ரெய்னிங் நடந்த அன்னைக்கு, அடுத்த வாரத்துல இருந்து அங்க தினமும் ஆப்ல டிசி, அதாவது துணி அனுப்புற டெலிவரி சலான், என்ட்ரி போடுறது 74 பேர்.

பணம் கட்டுற யூனிட் 41-ல இருந்து 43 ஆச்சு. 6 புதுசு, 4 போயிடுச்சு. போனதுல ரெண்டு யூனிட் முழுசா அமெரிக்கா ஆர்டர நம்பி இருந்தவங்க, ஆகஸ்ட் 27-ல இருந்து 50% வரி வந்ததும் பையர் ஆர்டர நிறுத்தி வச்சுட்டாங்க, பவர் டேபிளே பாதி ஓடல, நம்ம சந்தாவ எப்படி கட்டுவாங்க. ஒருத்தர் திரும்ப நோட்டுக்கே போயிட்டாரு.

நாலாவது யூனிட் போனது எங்க தப்பு. நெட் இல்லாத நேரத்துல போட்ட டிசி, நெட் வந்ததும் ரெண்டு தடவ ஏறிடுச்சு, டையிங்குக்கு போன துணி எடை டபுளா காட்டுச்சு. 11 நாள் எங்களுக்கே தெரியல, அவங்க சூப்பர்வைசர்தான் கண்டுபிடிச்சு சொன்னாரு. அந்த ஓனர் "கணக்கு தப்பா காட்டுற ஆப் எனக்கெதுக்கு"ன்னு கேட்டாரு, அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. இன்னொரு யூனிட்லயும் இதே நடந்துச்சு, அவங்க இன்னும் கூட இருக்காங்க, நேர்ல போய் ஒவ்வொரு டிசியா உக்காந்து சரி பண்ணி குடுத்தோம். இப்ப ஒரே டிசி நம்பர் ரெண்டாவது தடவ ஏறவே ஏறாது, தினமும் ராத்திரி எல்லா யூனிட்டோட மொத்த எடையும் ஒத்துப்போகுதான்னு ஆளு பாக்குறாங்க. புது வசதி எதையும் அக்டோபர்ல விடப்போறதில்ல.

பில் போட்டது 1,51,000 ரூபா, கைக்கு வந்தது 1,12,000. மீதி 39,000 பாக்கி, பாதிக்கு மேல எக்ஸ்போர்ட் யூனிட், தீபாவளி போனஸ் நேரம்ங்கிறதால நெருக்கி கேக்கல. செலவு 6,40,000. பேங்க்ல 47.5 லட்சம் இருக்கு, இதே வேகத்துல 9 மாசம். ஆகஸ்ட்ல ரெண்டு சேல்ஸ் ஆள் எடுக்குறேன்னு சொல்லியிருந்தேன், அத நிறுத்தி வச்சிருக்கேன்.

நல்ல விஷயம் ஒண்ணு, புதுசா வந்த ஆறுல அஞ்சு உள்ளூர் மார்க்கெட்டுக்கு பனியன் தைக்கிறவங்க. அவங்களுக்கு வரி பிரச்சனை இல்ல. ஆனா ஒரு மாச கணக்க வச்சு "ரூட்ட மாத்திட்டோம்"ன்னு சொல்ல மாட்டேன், டிசம்பர் வரைக்கும் அவங்க நிக்கிறாங்களான்னு பாக்கணும்.

உங்களுக்கு தெரிஞ்ச உள்ளூர் பிராண்ட், இல்ல ஐரோப்பாவுக்கு அனுப்புற யூனிட் ஓனர் யாராவது இருந்தா அறிமுகம் பண்ணி வைங்க. நானே நேர்ல போய் பாக்குறேன்.