நேரலை உரை: கையால் தைத்த தோல் பை, எண் 7

வணக்கம். நேரலையில் இணைந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. இனி வரும் பத்து நிமிடங்களுக்கு ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். என் கையில் இருக்கும் இந்தப் பழுப்பு நிறத் தோள் பைதான் அது. இன்றைய வரிசையில் இதன் எண் 7. இது மாட்டுத் தோலால் ஆனது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். தோல் பொருள்களைத் தவிர்ப்பவர்கள், அடுத்து வரவிருக்கும் 8-ஆம் எண் துணிப் பைக்காகக் காத்திருக்கலாம்.

இந்தப் பையின் அழகைக் காட்டுவதற்கு முன், இதில் உள்ள தழும்பைக் காட்டிவிடுகிறேன்.

(மூடியின் வலது மூலையைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டும், படம் தெளிவாகும் வரை கையை அசைக்கக் கூடாது.)

மூடியின் வலது கீழ் மூலையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு ஓடுவதைப் பாருங்கள். சுற்றியுள்ள தோலை விட அந்த இடம் சற்று வெளிறித் தெரிகிறது. இது கத்தி பட்ட கீறலோ, பயன்படுத்தியதால் விழுந்த தடமோ அன்று. மாடு உயிரோடு இருந்தபோது முள்ளோ கம்பியோ கிழித்து, பிறகு ஆறிய காயத்தின் தழும்பு. ஆறிய இடத்தில் தோலின் இழை அமைப்பு மாறிவிடுவதால், அது சாயத்தை மற்ற இடங்களைப் போல உறிஞ்சுவதில்லை. விரலால் தடவினால் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. அந்த இடத்தை மடக்கிக் காட்டுகிறேன், விரிசலும் விழவில்லை. ஆனால் இந்தக் கோடு மறையப் போவதும் இல்லை. கண்ணை உறுத்தும் என்று நினைப்பவர்கள் இந்தப் பையை வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

இந்தத் தழும்பு உங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தோலின் மேற்பரப்பை யாரும் தேய்த்து எடுக்கவில்லை. தழும்பும் பூச்சிக் கடியும் தெரியும் தோலைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மீது நிறப் பூச்சைக் கனமாகப் பூசி, சூடான அச்சால் செயற்கையாக ஒரு தோல் வடிவத்தைப் பதித்துவிடுவது பரவலான வழக்கம். அப்படிச் செய்த தோல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். இந்தப் பையில் மயிர்க்கால் துளைகளைப் பாருங்கள்: ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விலகியும், ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. தோலில் இழைகள் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது இந்த மேல் அடுக்கில்தான். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், தோலின் உறுதியிலும் ஒரு பங்கு போய்விடுகிறது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு, ‘அசல் தோல்’ என்ற சீட்டைப் பார்த்து நம்பி, ஒரு கடையில் பை ஒன்று வாங்கினேன். ஓராண்டு முடிவதற்குள் அதன் மூடி மடியும் இடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்தது. கடையில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், அதுவும் தோல்தான் என்பது. அந்தப் பதில் பொய்யும் இல்லை. கனமான தோலை இரண்டாகப் பிளந்து, அடிப் பகுதியின்மேல் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டினால், அதையும் தோல் என்று சொல்லி விற்க முடிகிறது. ரெக்சினை ரெக்சின் என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை. வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்குகிறார். சொல்லாமல் மறைப்பதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காத விஷயம்.

ஆகவே, ஒரு தோல் பையை வாங்கும்போது முதலில் அதன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். இந்தப் பையில் எந்த ஓரத்தையும் மடித்து மறைக்கவில்லை.

(மூடியின் ஓரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விளக்கின் கீழ் பிடிக்க வேண்டும்.)

மேலிருந்து கீழ்வரை ஒரே தோலாக இருக்கிறது. இடையில் அட்டையோ நுரையோ, மேலே ஒட்டிய படலமோ இல்லை. கனம் 2 மில்லிமீட்டர். ஓரம் முழுவதும் பழுப்பாக இருப்பதையும் கவனியுங்கள். மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களிலிருந்து எடுக்கும் டானினைக் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோல் இது. குரோமிய உப்புகளால் பதனிடுவது ஓரிரு நாளில் முடிந்துவிடும். அந்தத் தோலின் வெட்டு ஓரத்தில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். குரோம் முறை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தோல் இதைவிட மென்மையாக இருக்கும், மழையையும் நன்றாகத் தாங்கும். தாவர முறையில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருக்கும். நாள் செல்லச் செல்ல உங்கள் உடலுக்கும் நீங்கள் அதைத் தூக்கும் விதத்துக்கும் ஏற்பப் படிந்துகொள்ளும்.

நிறமும் மாறும். இதோ, என் இடது கையில் இருப்பது நான் மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வரும் பை. இரண்டும் ஒரே வகைத் தோல், ஒரே சாயம் என்று சொன்னால் உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். வெளிச்சமும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு, இளம்பழுப்பாக இருந்தது அடர்ந்த செம்பழுப்பாகிவிட்டது. கை அதிகம் படும் வார்ப்பட்டையின் நடுப்பகுதி மட்டும் பளபளப்பேறியிருக்கிறது. புதிதாக வாங்கிய நாளின் நிறம் அப்படியே நிலைக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்தத் தோல் பொருந்தாது.

இனித் தையலைக் காட்டுகிறேன். இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத் தையலில் மேலே ஒரு நூலும் கீழே ஒரு நூலும் ஓடி, தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால், அதன் பக்கத்துத் தையல்களும் பிடி தளர்ந்து வரிசையாகப் பிரிந்துவர வாய்ப்புண்டு. இந்தப் பையைத் தைத்தவர், ஒரே நூலின் இரு முனைகளிலும் ஓர் ஊசியைக் கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளை வழியாகவும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்தி இழுத்திருக்கிறார். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை இது. ஒரு தையல் அறுந்துபோனாலும், அதே துளைகளில் நூலின் மறுபாதி பிடித்துக்கொண்டு நிற்கும்.

அளவுகோலை வைக்கிறேன், நீங்களே எண்ணிப் பாருங்கள்: ஓர் அங்குலத்துக்கு 7 தையல்கள். நூல் மெழுகு பூசிய பாலியெஸ்டர். பருத்தி நூலைப் போல ஈரத்தில் இற்றுப்போகாது. வார்ப்பட்டை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பையின் முழு எடையும் இங்கேதான் தொங்குகிறது. ஆகவே சதுரமாக ஒரு சுற்றுத் தைத்து, அதன் நடுவில் பெருக்கல் குறி போல மேலும் இரண்டு வரிசை தைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் இடது பக்கத் தையலின் கடைசி மூன்று கண்ணிகள் சற்றே சாய்ந்திருப்பது உங்களுக்குத் தெரியலாம். கையால் தைத்ததில் நேரும் சிறு பிசகு அது. உறுதியில் குறைவில்லை என்பதை இழுத்துப் பார்த்தே உங்கள் முன் வைக்கிறேன்.

பக்கிளும் வளையங்களும் திடப் பித்தளை. காந்தத்தை அருகில் கொண்டுபோகிறேன், ஒட்டவில்லை, பாருங்கள். இந்தச் சோதனை, பித்தளை முலாம் பூசிய இரும்பு இல்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும். துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. அதனால்தான் உட்பக்கம் மறைந்திருக்கும் இந்த இடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துக் காட்டுகிறேன். தேய்த்த இடத்திலும் அதே மஞ்சள் நிறம் தெரிகிறது. நாளடைவில் பித்தளை மங்கும். துணியால் துடைத்தால் மீண்டும் பளிச்சிடும்.

அளவுகள்: அகலம் 38, உயரம் 29, ஆழம் 9 சென்டிமீட்டர். வெறும் பையின் எடை 1 கிலோ 350 கிராம்; இது இலேசான பை அன்று. 14 அங்குல மடிக்கணினி தாராளமாக நுழையும். 15.6 அங்குல மடிக்கணினி வைத்திருப்பவர்கள் உங்கள் கருவியின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 36 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வைத்து எடுப்பது சிரமம். உள்ளே ஒரு தடுப்பும், ஜிப் இல்லாத ஒரு சிறு பையும் உண்டு. உள்துணி கிடையாது; ஆகவே முதல் சில வாரங்களுக்கு வெள்ளைத் துணிகளை உள்ளே வைக்காதீர்கள், சாயம் சிறிது ஒட்டக்கூடும்.

விளக்கு வெளிச்சத்தில் நிறம் சற்று மாறித் தெரியலாம் என்பதால், பையின் அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கிறேன். தாள் உங்கள் திரையில் மஞ்சளாகத் தெரிந்தால், பையின் நிறத்திலும் அந்த அளவுக்கு மஞ்சளைக் குறைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதே தோலின் துண்டு ஒன்றின்மேல் ஒரு சொட்டு நீர் விடுகிறேன், உடனே கருத்துவிட்டது. காய்ந்தாலும் வட்டமாக ஒரு தடம் நிற்கலாம். மழையில் நனைந்துவிட்டால், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். வெயிலிலோ சூடான காற்றிலோ காயவைத்தால் தோல் இறுகி வெடித்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை, தோலுக்கென்று விற்கும் கிரீமை மிகக் குறைவாகப் பூசினால் போதும். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பையோடு தரும் பருத்தித் துணி உறையே அதற்கு ஏற்றது.

உங்களுக்கு அனுப்பப் போவது நான் இப்போது கையில் பிடித்திருக்கும் இதே பைதான். இந்தத் தழும்பும், சாய்ந்த மூன்று கண்ணிகளும் அப்படியே உங்களிடம் வரும். விலையும் அனுப்பும் கட்டணமும் தனித்தனியாகத் திரையின் கீழே காட்டப்பட்டுள்ளன. பை கையில் கிடைத்த 7 நாள்களுக்குள், பயன்படுத்தாத நிலையில் திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வாங்க விரும்புபவர்கள் ‘பை 7’ என்று எழுதுங்கள். முதலில் எழுதியவரின் பெயரை நான் உரக்க வாசித்து உறுதி செய்வேன். அவர் பதினைந்து நிமிடத்துக்குள் பணம் செலுத்தாவிட்டால் அடுத்தவருக்கு வாய்ப்புச் செல்லும்.

அதற்கு முன் எந்தப் பகுதியையாவது மீண்டும் அருகில் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள். அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். இதோ, பையைத் திருப்புகிறேன்.