பச்சைப் பட்டு

குமார் கல்யாணப் போட்டோ வந்த அன்று நான் கனகம் மைனி வீட்டுக்குள் நுழையும்போது, திண்ணையில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். மைனி செல்போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மருமவ பச்சைப் பட்டு கட்டியிருக்கா. அரக்கு பார்டர். தலை நிறைய பூ. ஜெர்மனியில மல்லிப்பூ எங்கன கிடைச்சிச்சோ!"

"காட்டுங்களேன் மைனி" என்றாள் எதிர்வீட்டு சண்முகத்தாய்.

"சார்ஜ் இல்லட்டி. பொறவு காட்டுதேன்."

எனக்கு ஒரு தட்டில் முந்திரிக்கொத்து இரண்டு வந்தது. தின்றுவிட்டு, பையில் இருந்த மற்ற தபால்களைக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மைனியின் வீட்டுக்காரர் எங்கள் ஊர்த் தபாலாபீஸில் 31 வருஷம் போஸ்ட்மாஸ்டர். ஊர் என்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். தபாலாபீஸும் அவர் வீட்டின் முன்அறைதான். தினம் காலையில் தேதி முத்திரையில் நாளை மாற்றி, பழைய பேப்பரில் ஒருமுறை குத்திப் பார்ப்பார். எழுத்து தெளிவாக விழவில்லை என்றால் ஊசியால் மையைச் சுரண்டி மறுபடி குத்துவார். அந்தப் பெருவிரலில் எப்போதும் கருப்பு. சோறு பிசையும்போதும் அது தெரியும். மைனி திட்டுவாள்.

அண்ணாச்சிக்குப் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்று: 'சேரவில்லை.' ஒருமுறை பம்பாயிலிருந்து ஒரு மணியார்டர், 'மாரியம்மாள், கோயில் பக்கத்து வீடு' என்று மட்டும் போட்டு வந்தது. எங்கள் ஊரில் கோயில் ஏழு, மாரியம்மாள் ஒன்பது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொன்னேன். மூன்று நாள் என்னை வீடு வீடாக அலையவிட்டார். கடைசியில் ஆள் கிடைத்தாள், சுடலைமாடன் கோயிலுக்குப் பின்னால், களத்துமேட்டில். "பாத்தியால, சேந்துட்டுல்லா" என்றார். அவருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அவர் போய் நாலு வருஷம். குமார் படித்து, ஹாம்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹெலனா என்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டான். மைனி முதலில் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பத்தமடைக்குப் போய், கல்யாணப் பாய்க்குச் சொல்லிவிட்டு வந்தாள். பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்து தருவார்கள். "ஹெ எப்படிம்மா நெய்ய?" என்று அந்த அம்மா கேட்க, மைனி தன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள்.

கல்யாணம் ஐப்பசியில், அங்கே ரிஜிஸ்டர் ஆபீஸில். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஒத்துவரவில்லை, மைனி போகவில்லை. போட்டோதான் வரவேண்டும்.

போட்டோ வந்து அதிகம் போனால் மூன்று நாள் இருக்கும். பென்ஷன் பணம் கொடுக்கப் போயிருந்தேன். மைனி கதவைச் சாத்தினாள். செல்போனை என் கையில் கொடுத்தாள். குமார் முன்னே வைத்திருந்த பழைய போன், மூலையில் கண்ணாடி கீறியது.

"தம்பி, இத பாரு. யார்ட்டயும் சொல்லிராத."

வெள்ளையாக ஒரு சதுரம். அதன் கீழே IMG_4127.HEIC என்று இருந்தது. தட்டினேன். சதுரம் பெரிதானது, அவ்வளவுதான்.

"அப்போ பச்சைப் பட்டு?"

"கேட்டாளுவல்லா, என்னத்தச் சொல்ல?"

"குமார்ட்ட சொல்லியிருக்கலாமே மைனி. வேற அனுப்பியிருப்பான்."

மைனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அனுப்பிட்டு அவன் மொத கேள்வியே 'சேந்துட்டாம்மா'ன்னுதான். போஸ்ட்மாஸ்டர் வீட்டுல இருந்துக்கிட்டு சேரலன்னா சொல்லச் சொல்லுத? நல்லாருக்குன்னுட்டேன்."

மறுநாள் தபால் பை எடுக்க அம்பாசமுத்திரம் போனபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் ஒரு பார்வையில் சொல்லிவிட்டான்: "ஐபோன்ல எடுத்தது அண்ணாச்சி. இந்தப் பழைய போனுக்கு இந்த ஃபைல் படிக்கத் தெரியாது. வாட்ஸப்ல சும்மா போட்டோவா அனுப்பியிருந்தா அதுவே மாத்திக் குடுத்திருக்கும். அவரு டாக்குமெண்டா அனுப்பிருக்காரு. கிளாரிட்டி குறையக் கூடாதுன்னு நினைச்சிருப்பாரு."

பாவம், அம்மாவுக்கு நல்லபடியாகத் தெரியவேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறான்.

கம்ப்யூட்டரில் ஏற்றி jpg ஆக மாற்றினான். திரையில் படம் மேலிருந்து கீழே விரிந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. கார்டு என்றால் யார் கண்ணிலும் படும், கவர் என்றால் மூடின கதவு மாதிரி என்று அண்ணாச்சி சொல்வார். ஆனால் கண்ணை எங்கே கொண்டு வைக்க? பார்த்துவிட்டேன். பச்சை எங்கேயும் இல்லை.

ஒரு பிரதி போட்டுக்கொண்டு சாயங்காலம் போனேன். மைனி கையை நீட்டவில்லை.

"இப்படிக் கையில குடுக்காத. கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, பெட்டியில போடு. முறையா வரட்டும்."

"நம்ம ஊர்ப் பெட்டியில போட்டு நானே கொண்டாரணுமா?"

"அம்பாசமுத்திரத்துல போடு. பையில வரட்டும்."

சரி என்று ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிப் போட்டேன். விலாசத்தில் அண்ணாச்சி பேரைச் சொல்லி, 'போஸ்ட்மாஸ்டர் வீடு' என்றும் சேர்த்தேன். தேவையே இல்லை. கொண்டுபோகப் போகிறவன் நான்தானே. இருந்தாலும் எழுதினேன்.

மறுநாள் அது பையில் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மைனி கவரைத் திறப்பதற்கு முன்னால் முத்திரையைத்தான் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, தேதியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ஒழுங்கா விழுந்திருக்கு" என்றாள். பிறகு அண்ணாச்சியின் பித்தளைக் கத்தியால் ஓரத்தைக் கிழியாமல் அறுத்தாள்.

ஹெலனா முழங்கால்வரை ஒரு வெளிர்மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். கையில் நாலு வெள்ளைப் பூ. தலையில் ஒன்றும் இல்லை. குமார் கோட்டில் இருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. மைனி அவளை முதலில் பார்த்தாள். நிறைய நேரம். பிறகு விரலை அவன் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"முடி ஏறிட்டு, பாத்தியா. அவிய அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஏறிச்சு."

சண்முகத்தாய் எப்படித்தான் மணம் பிடித்தாளோ, வாசலில் நின்றாள். உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மைனி, பச்சைப் பட்டுன்னீங்க?"

"பச்சைதாம்ட்டி. வெயில்ல வெளுத்துப்போச்சு. அங்க வெயில் அப்படி."

போட்டோவின் ஓரத்தில், சுவரில் சாய்த்து ஒரு குடை இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் சின்னக் குளம் கட்டியிருந்தது. சண்முகத்தாய் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அப்போ குமாருக்குப் போன் போட்டு, இன்னைக்குத்தான் கிடைச்சிச்சுன்னு சொல்லிருவமா மைனி?"

"எதுக்கு?" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சேந்துட்டுன்னு அன்னைக்கே சொல்லியாச்சுல்லா."