பத்தும் இருபதும்: புளியங்கொட்டைக் கணக்கு

யு.கே.ஜி. வீட்டுத் தாள், வெள்ளிக்கிழமை

பையில் 20 புளியங்கொட்டை இருக்கிறது. அதில் 10 கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி இருக்கிறோம், தாயம் ஆடத் தேய்ப்பார்களே, அது மாதிரி.

1. கட்டத்தைப் பார்

மேலே 5 அறை, கீழே 5 அறை. ஓர் அறைக்கு ஒரு கொட்டைதான். மேல்வரிசை நிறைந்த பிறகுதான் கீழே வர வேண்டும்.

● ● ● ● ●
● ● ○ ○ ○

கொட்டை 7. காலி 3.
7 + 3 = 10. ஏழுக்கு ஜோடி மூன்று!

2. இப்போது நீ வை

6 கொட்டை வை. காலி அறை எத்தனை?
9 கொட்டை வை. காலி எத்தனை?
4 கொட்டை வை. காலி எத்தனை? (முன்னே வந்த ஜோடிதான், திரும்பி நிற்கிறது. கண்டுபிடித்தாயா?)
10 கொட்டை வை. காலியே இல்லையா? அப்போ 10-க்கு ஜோடி யார்?

3. குலுக்கிப் போடு

தேய்த்த 10 கொட்டைகளையும் கையில் குலுக்கித் தரையில் போடு. வெள்ளை எத்தனை, பழுப்பு எத்தனை? வகுப்பில் போட்டபோது வெள்ளை 4, பழுப்பு 6 விழுந்தது. அதை இப்படி எழுதினோம்: 4 + 6 = 10.

நீ ஐந்து தடவை போடு. ஒவ்வொன்றையும் தாளின் பின்பக்கம் எழுது. கூட்டினால் 10 வரவில்லையா? கட்டிலுக்கு அடியில் பார்.

4. இருபது

இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில்.

● ● ● ● ●  |  ● ● ● ○ ○
● ● ● ● ●  |  ○ ○ ○ ○ ○

முதல் கட்டம் நிறைந்துவிட்டது, அதை எண்ணவே வேண்டாம். இரண்டாவதில் 3 இருக்கிறது, 7 காலி.
3 + 7 = 10. 13 + 7 = 20.

16 வை. 20 ஆக இன்னும் எத்தனை வேண்டும்?
11 வை. இன்னும் எத்தனை?
8 மட்டும் வை. முதல் கட்டத்தில் 2 காலி, அப்புறம் ஒரு முழுக் கட்டமே காலி! மொத்தம் எத்தனை?

அம்மா, அப்பா கவனத்துக்கு

"ஏழும் மூணும் பத்து" என்று ஒப்பிக்க வைக்காதீர்கள். ஒப்பிப்பது சுலபம், இரண்டே நாளில் வந்துவிடும். 7 கொட்டையை ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணாமல், "மேலே அஞ்சு, கீழே ரெண்டு" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். வரவில்லையா, பரவாயில்லை, 10-லேயே நில்லுங்கள். 4-ஆம் பகுதி அடுத்த வாரம் செய்யலாம்.

விளையாடும்போது கூடவே உட்காருங்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற வயசு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முடிந்ததும் பையை மேலே எடுத்து வையுங்கள்.

திங்கட்கிழமை 20 கொட்டையும் பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். எண்ணிப் பையில் போடுவது பிள்ளையின் வேலை. 18-தான் இருக்கிறது என்றால் இன்னும் எத்தனை தேட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.