அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம்: அலகுத் தேர்வு 3
(பழுத்தல், எத்திலீன், கட்டுப்படுத்தப்பட்ட வளிச் சேமிப்பு)

நேரம்: 90 நிமிடம். மதிப்பெண்: 40. எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக. கணக்கில் படிகளும் அலகுகளும் இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான். பழுக்க வைக்கும் அறையில் தவறு நேர்வது பெரும்பாலும் அலகில்தான்.

1. காவேரிப்பட்டணம் மண்டிக்கு வந்த பெங்களூரா மாங்காய்களில் ஒரு பகுதி முற்றாமல் பறித்தது. எத்திலீன் கொடுத்ததும் தோல் மஞ்சளானது. சதையோ வெளிறி, புளிப்பாகவே நின்றது. தோலின் பச்சையம் சிதைவதையும் மாவுச்சத்து சர்க்கரையாவதையும் பிரித்துக் காட்டிக் காரணம் கூறுக. இந்தக் காயைப் பறிக்கும் முன்பே அடையாளம் காண இரண்டு சோதனைகள் தருக. (6)

2. பழுக்க வைக்கும் அறை 5 மீ × 4 மீ × 3 மீ. உள்ளே 10 டன் மாங்காய். காய் அடைக்கும் இடம் 10 கன மீட்டர் என்று கொள்க. வெப்பநிலை 20°C. காய் ஒரு கிலோவுக்கு மணிக்கு 40 மில்லி லிட்டர் CO₂ விடுகிறது. தொடக்கத்தில் அறையில் CO₂ இல்லை எனக் கொள்க.

(அ) 100 பிபிஎம் எட்ட எத்தனை லிட்டர் எத்திலீன் வேண்டும்? (3)
(ஆ) கதவு மூடியே இருந்தால், CO₂ 1 சதவீதத்தை எத்தனை நிமிடத்தில் தொடும்? (4)
(இ) அதை 1 சதவீதத்தில் நிறுத்த மணிக்கு எத்தனை கன மீட்டர் புதுக்காற்று வேண்டும்? (3)
(ஈ) பணியாளர் காய் அடைத்த இடத்தைக் கழிக்காமல் மொத்தக் கன அளவுக்கு வாயு விட்டார். உண்மையில் எத்தனை பிபிஎம்? 100 பிபிஎம் சட்ட வரம்போடு ஒப்பிடுக. (3)
(உ) CO₂ கூடிய அறையில் எத்திலீன் போதுமான அளவு இருந்தும் காய் மெதுவாகப் பழுப்பதேன்? (3)

3. மாம்பழச் சேமிப்பு அறை 13°C, O₂ 5%, CO₂ 5% என ஓடுகிறது. இன்னும் அதிக நாள் வைக்க, 7°C-க்கும் O₂ 1%-க்கும் இறக்கலாம் என்று மேலாளர் சொல்கிறார். இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே ஆராய்க: தோலில், மணத்தில், பின்னர் பழுப்பதில் என்ன தெரியும்? ACC ஆக்சிடேசுக்கு ஆக்சிஜன் எதற்கு? பழுதுபார்க்க இந்த அறைக்குள் வடிகட்டி முகமூடியோடு நுழைந்தவர் மயங்கியது ஏன், என்ன அணிந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதுக. இந்தக் கடைசிப் பகுதிக்கு 3 மதிப்பெண். விட்டுவிடாதீர்கள், இதில் தவறினால் உயிரே போகும். (10)

4. "கல்" வைத்துப் பழுக்க வைப்பது தடைசெய்யப்பட்டது. கால்சியம் கார்பைடு ஈரத்தில் தரும் வாயுவுக்குச் சமன்பாடு எழுதுக. அதிலுள்ள எந்த மாசுகள் தீங்கானவை? அந்த வாயு எத்திலீனின் வேலையைச் செய்வது எப்படி? (5)

5. ஓசூர் கார்னேஷன் பூக்களையும் பழுத்த மாம்பழத்தையும் ஒரே வண்டியில் ஏற்றினர். இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டன. காரணமும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலம் தீர்ந்ததைக் கண்டறியும் நிற மாற்றமும் கூறுக. (3)