இசக்கிக்கு ஒரு நன்றிக் கடிதம்

முக்கூடல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள இசக்கி,

நேரில் சொன்னால் "ஏட்டி, போய் வேலையைப் பார்" என்று விரட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்வு முடிந்துவிட்டது. நேற்று பகல் முழுவதும் தூங்கினேன். அம்மா இருமுறை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "பயப்படாதே" என்றார்கள். சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சாயங்காலம் ஆனதும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாய். சோறு இறங்கவில்லை என்றேன். சரி என்று கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியை நீட்டினாய். விடிய விடியத் தூக்கம் வராமல் புரண்டபோதும், மறுநாள் சாயங்காலம் நீ வந்துவிடுவாய் என்று தெரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பகலைத் தள்ளினேன்.

கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வுத் தாள்தான் என்னைத் தின்றது. போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின் நிரூபணத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நீ இலை வெட்டிக்கொண்டே, "அந்த இடைவெளியைப் பாதியாக வெட்டுகிறாயே, எந்தப் பாதியை வைத்துக்கொள்வாய்?" என்று கேட்டாய். தொடர்வரிசையின் உறுப்புகள் முடிவில்லாமல் விழுகிற பாதியை என்றேன். "இரண்டு பாதியிலும் அப்படி விழுந்தால்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தை மூடி யோசித்தேன். எதை எடுத்தாலும் சரிதான். ஏதாவது ஒரு பாதியில் முடிவில்லாமல் இருந்தாக வேண்டும் என்பதுதானே விஷயம்! வருடம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்தும் புரியாதது அன்று புரிந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நீ. அதை நினைத்து அன்றிரவு எனக்குக் கோபம்கூட வந்தது, உன் மேல் அல்ல.

அந்தத் தேற்றம் தேர்வில் வரவில்லை என்பது வேறு. ஆனால் வந்த கேள்விகளையும் அதேபோல நீ எதிரே உட்கார்ந்து கேட்பதாக நினைத்துத்தான் எழுதினேன்.

காலை பஸ்ஸுக்கு உடன் வந்து, அது வரும்வரை என் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தாய். என் கைவியர்வையில் அது நனைந்துபோகும் என்றாய். பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்த வாரம் பேச்சில் உன் கை மெதுவாகத்தான் ஓடியது. உனக்கு எத்தனை கட்டு குறைந்தது என்று நீ சொல்லமாட்டாய். உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாளை முதல் கல்லூரி விடுமுறை. இலை வெட்ட எனக்கு வராது, நான் வெட்டினால் பாதி வீணாகும். நூல் கட்டுவேன். ஒரு கத்தரிக்கோலும் சாயங்காலக் காப்பியும் நானே கொண்டுவருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அன்புடன்,
வடிவு